இறுதி விழுக்காடு: எவ்வளவு உயரலாம், எவ்வளவு தாழலாம்?

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகள் கல்லூரி விடுதியிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு வந்திருந்தாள். கணக்கியல் டிப்ளோமா படிக்கிறாள். ஒரு பாடத்தில் 85 விழுக்காடு எடுத்தால்தான் ஏ கிடைக்கும். "சித்தப்பா, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இனி எல்லாவற்றிலும் முழுப் புள்ளி எடுத்தாலும் 82.6தான் வருகிறது. ஏ இல்லை" என்றாள். அவள் எழுதியிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். பெருக்கலும் கூட்டலும் சரியாகவே இருந்தன. ஆனால் விடை தவறு. பல மாணவர்கள் இதே இடத்தில் தவறுவதால், அந்தக் கணக்கையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஒவ்வொரு வேலைக்கும் தனி வரி

பாடத்திட்டத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த பங்கீடு இது: குறுந்தேர்வுகள் ஐந்துக்கும் சேர்த்து 20 விழுக்காடு, இடுபணிகள் இரண்டுக்கும் சேர்த்து 20, இடைத்தேர்வு 20, இறுதித் தேர்வு 40. இதை நான்கு வரிகளாக எழுதக் கூடாது, ஒன்பது வரிகளாக எழுத வேண்டும். குறுந்தேர்வு ஒவ்வொன்றும் 4 விழுக்காடு, இடுபணி ஒவ்வொன்றும் 10. ஒன்பதையும் கூட்டினால் 100 வர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒரு வேலையை விட்டுவிட்டோம் என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

இரண்டாம் படி: கையில் இருப்பதைக் கூட்டுதல்

வாங்கிய புள்ளியை முழுப் புள்ளியால் வகுத்து, அந்த வேலையின் பங்கால் பெருக்க வேண்டும். அவள் எழுதிய மூன்று குறுந்தேர்வுகளில் பத்துக்கு 6, 8, 7. இவை முறையே 2.4, 3.2, 2.8, மொத்தம் 8.4. முதல் இடுபணியில் இருபதுக்கு 15, அது 7.5. இடைத்தேர்வில் ஐம்பதுக்கு 34; அது 13.6. மூன்றையும் கூட்டினால் 29.5.

இதுதான் மிகக் குறைந்த இறுதி விழுக்காடு. மீதமுள்ள எல்லாவற்றிலும் சுழியம் வாங்கினாலும் 29.5 அவள் கையை விட்டுப் போகாது.

மூன்றாம் படி: மீதியைச் சேர்த்தல்

இன்னும் நடக்காதவை இரண்டு குறுந்தேர்வுகள், ஓர் இடுபணி, இறுதித் தேர்வு. பங்கு 8, 10, 40, மொத்தம் 58. எல்லாவற்றிலும் முழுப் புள்ளி என்று வைத்துக்கொண்டால் 29.5உடன் 58ஐச் சேர்க்க வேண்டும். மிக உயர்ந்த இறுதி விழுக்காடு 87.5. ஏ இன்னும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. இதுவரை இழந்ததை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். குறுந்தேர்வுகளில் 3.6, இடுபணியில் 2.5, இடைத்தேர்வில் 6.4 போயிருக்கின்றன. மொத்தம் 12.5. நூறிலிருந்து கழித்தால் அதே 87.5.

அவளுக்கு 82.6 எப்படி வந்தது?

கல்லூரி இணையப் பக்கத்தில் குறுந்தேர்வுகளின் சராசரி 70, இடுபணி 75, இடைத்தேர்வு 68 என்று காட்டியது. அவள் 70 விழுக்காட்டை 20ஆல் பெருக்கி 14 என்று எழுதினாள். இடுபணிக்கு 15, இடைத்தேர்வுக்கு 13.6. கூட்டினால் 42.6, இறுதித் தேர்வின் 40ஐச் சேர்த்தால் 82.6. அதாவது, பாதியில் நிற்கும் குறுந்தேர்வுகளையும் இடுபணிகளையும் முடிந்துபோனவையாகக் கணக்கில் எடுத்துவிட்டாள். இதனால் மேல் எல்லை 87.5லிருந்து 82.6க்கு இறங்கியது. கீழ் எல்லையோ 29.5லிருந்து 42.6க்கு ஏறி, கையில் இல்லாத புள்ளியை இருப்பதாகக் காட்டியது.

அதே பக்கத்தின் மேலே 71 விழுக்காடு என்றும் இருந்தது. அது 42.6ஐ 60ஆல் வகுத்து வந்த எண். திருத்தப்பட்ட வேலைகளை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. கீழ் எல்லையும் அல்ல, மேல் எல்லையும் அல்ல. நம் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

கோடும் சுழியமும்

நான் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். வருகைப் பதிவேடான செக்ரோலை எழுதும்போது, இன்னும் வராத நாளின் கட்டம் வெறுமையாக இருக்கும். ஆள் வராத நாளுக்குக் குறி போட்டாக வேண்டும். இரண்டையும் ஒன்றாக விட்டால் மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு உதைக்கும். புள்ளிப் பட்டியலிலும் அப்படித்தான். இணையப் பக்கத்தில் சிறு கோடு இருந்தால் அது "இன்னும் திருத்தவில்லை" என்றும் இருக்கலாம், "நீங்கள் எழுதவே இல்லை" என்றும் இருக்கலாம். அனுப்பிவிட்டுத் திருத்தத்துக்காகக் காத்திருப்பதை மீதியில் சேருங்கள். தவறவிட்டு, மறுபடி எழுத வழியில்லாத தேர்வுக்கு நீங்களே 0 போடுங்கள். இல்லாவிட்டால் மேல் எல்லை பொய்யாக உயர்ந்து நிற்கும்.

விரிதாளில் செய்வதானால் B நிரலில் பங்கு, C நிரலில் வாங்கியது, D நிரலில் முழுப் புள்ளி. ஒன்பது வேலைகளும் 2ஆம் வரியிலிருந்து 10ஆம் வரி வரை. முதல் சூத்திரம் கீழ் எல்லை, இரண்டாவது மேல் எல்லை.

```
=SUMPRODUCT(B2:B10,C2:C10/D2:D10)
=SUMPRODUCT(B2:B10,C2:C10/D2:D10)+SUMPRODUCT((C2:C10="")*B2:B10)
```

நடக்காத தேர்வுக்கு C கட்டத்தை வெறுமையாக விடுங்கள், ஆனால் D நிரலை முழுக்க நிரப்புங்கள். `#DIV/0!` என்று வந்தால் D நிரலில் ஒரு கட்டம் காலி. `#VALUE!` என்று வந்தால் C நிரலில் எங்கோ கோடு போட்டிருக்கிறீர்கள்.

மிகக் குறைந்த குறுந்தேர்வை நீக்கும் பாடம்

சில விரிவுரையாளர்கள் ஐந்தில் சிறந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அப்போது மேலே உள்ள சூத்திரம் உதவாது. இரண்டு எல்லைகளையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும், ஏனென்றால் நீக்கப்படும் தேர்வு இரண்டிலும் வேறு வேறு.

அவள் புள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். மேல் எல்லைக்கு வரிசை 6, 8, 7, 10, 10. இதில் 6 போகும். நாற்பதுக்கு 35, அதாவது 17.5 விழுக்காடு. கீழ் எல்லைக்கு வரிசை 6, 8, 7, 0, 0. இதில் போவது ஒரு சுழியம், 6 அல்ல. நாற்பதுக்கு 21, அதாவது 10.5. மற்ற வேலைகளைச் சேர்த்தால் மேலே 88.6, கீழே 31.6. இன்றைக்குக் குறைந்திருப்பது 6 என்று அதை இப்போதே அடித்துவிட்டால் கீழ் எல்லை 28.6 என்று தவறாக வரும்.

இறுதித் தேர்வில் தனியாகத் தேற வேண்டும் என்ற விதி இருந்தால், கீழ் எல்லை தேர்ச்சிக் கோட்டைத் தாண்டியிருந்தாலும் அது தேர்ச்சி ஆகாது. பாடத்திட்டத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இலக்குக்கு எவ்வளவு வேண்டும்?

இலக்கிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, மீதிப் பங்கால் வகுக்க வேண்டும். 85க்கு இன்னும் 55.5 வேண்டும், 58ஆல் வகுத்தால் ஏறக்குறைய 95.7 விழுக்காடு. முடியும், ஆனால் மிகக் கடினம். மீதி வேலைகள் எல்லாம் சேர்ந்து அவள் விடக்கூடியது 2.5தான். இதை அவளிடம் மறைக்கவில்லை. 70 போதும் என்றால் இன்னும் 40.5 வேண்டும், மீதியில் சராசரியாக 70ஐ ஒட்டி எடுத்தால் கிடைத்துவிடும்.

வியாழக்கிழமை நான்காம் குறுந்தேர்வில் பத்துக்கு 9 வந்தது என்று செய்தி அனுப்பினாள். கீழ் எல்லை 3.6 ஏறி 33.1 ஆனது, மேல் எல்லை 0.4 இறங்கி 87.1. இடைவெளி 54, அதாவது மீதிப் பங்கு எவ்வளவோ அவ்வளவு. அவள் விடக்கூடியது இனி 2.1.