பூனையைத் துரத்தாமல் போனில் படம் எடுப்பது எப்படி?

பூனையின் பின்னாலேயே ஓடி எடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் முதுகும் வாலும்தான். போன் ஃபோகஸ் செய்து முடிப்பதற்குள் அது இடம் மாறிவிடும். அதனால் இடத்தை முதலில் நாம் தயார் செய்துவிட்டு, பூனையை அங்கே வரவழைப்போம்.

1. வெளிச்சம்

பகலில், நன்றாக வெளிச்சம் வரும் ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தரையில் சின்னப் பாய் ஒன்றை விரியுங்கள். ஜன்னல் உங்கள் பக்கவாட்டிலோ முதுகுப் பக்கமோ இருக்கட்டும். பூனைக்குப் பின்னால் இருந்தால் அதன் முகம் இருண்டுவிடும். ஃப்ளாஷ் வேண்டாம், கண்கள் பச்சையாக மின்னும். சில எல்.இ.டி. விளக்குகளின் கீழ் வேகமான ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும், ஆகவே அவற்றையும் அணைத்துவிடுங்கள்.

2. போனில் செய்ய வேண்டியது

கேமராவின் அளவுகளை நாமே அமைக்கும் ப்ரோ மோடில், படம் பதிவாகும் நேரமான ஷட்டர் வேகத்தை 1/250 நொடி என்று வையுங்கள். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ. அளவை 400-இல் தொடங்கி, படம் இருட்டாக இருந்தால் 800 வரை ஏற்றலாம். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பரவாயில்லை. கலங்கிய படத்தைவிட அது எவ்வளவோ மேல். பிறகு பாயின் நடுவில் ஒரு பொம்மையை வைத்து, திரையில் அதன் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் ஃபோகஸ் அங்கேயே லாக் ஆகிவிடும். பொம்மையை எடுத்துவிடுங்கள்.

3. கண் மட்டம்

குப்புறப் படுத்து, முழங்கைகளைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வரும். பூனையின் காதுகளுக்குப் பின்னால் சுவர் தெரிந்தால் உயரம் சரி. தரை தெரிந்தால் இன்னும் தாழ்த்த வேண்டும்.

4. அந்த ஒரு நொடி

வீட்டில் யாரையாவது ஒரு நூலைப் பாய் வழியாக, லென்ஸின் பக்கமாக மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். பாய்வதற்கு முன் பூனை பதுங்கும். கண்மணி விரியும், பின்பாகம் லேசாக ஆடும், தலை மட்டும் அசையாமல் நிற்கும். இதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். பதுங்கத் தொடங்கியதுமே பட்டனை அடுத்தடுத்துத் தட்டுங்கள், ஏனென்றால் ப்ரோ மோடில் பல போன்களுக்கு, தொடர்ச்சியாகப் பல படங்களை எடுக்கும் பர்ஸ்ட் வசதி கிடையாது. முடிந்ததும் நூலை மறக்காமல் எடுத்து வையுங்கள். பூனை அதை விழுங்கிவிட்டால் குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

5. சரிபார்ப்பது

படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். பாய் தெளிவாக இருந்து பூனை மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. 1/500-க்கு மாற்றி ஐ.எஸ்.ஓ.-வை இரு மடங்காக்குங்கள். எல்லாமே இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. முதுகு தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருந்தால், ஃபோகஸ் வைத்த இடத்தைத் தாண்டி அது முன்னே வந்துவிட்டது. ஃபோகஸை ஒரு சாண் உங்கள் பக்கம் நகர்த்தி லாக் செய்துவிட்டு, நூலை மறுபடி இழுக்கச் சொல்லுங்கள்.