மாதக் கடைசிச் சண்டையும் மொய் நோட்டும்: இருவரும் சேர்ந்து வீட்டுக் கணக்குப் போடுவது எப்படி?

சென்ற மார்ச் மாதம் 26ஆம் தேதி, சிலிண்டர் வாங்கக் காசில்லாமல் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. "நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு 5,000 மொய் எழுதினீர்களே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?" என்று நான் கேட்க, "உன் சித்தி மகள் வளைகாப்புக்குப் புடவை எடுத்தாயே, அது யாரைக் கேட்டு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் இரவு, பையன் தூங்கிய பிறகு, ஒரு நீள நோட்டுடன் உட்கார்ந்தோம். அன்று செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாதச் செலவு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் சம்பளம் 34,000, என்னுடையது 22,000. ஆக வரவு 56,000. வாடகை 11,000, மளிகை, காய்கறி, பால் 14,000, பெட்ரோல் 3,000, கைபேசியும் இணையமும் 1,200, எரிவாயு 1,000, வண்டிக் கடன் 3,800, அத்தைக்கு அனுப்புவது 4,000, சீட்டு 5,000. கூட்டினால் 43,000. மீதி 13,000 இருக்கவேண்டும். இருக்கவில்லை. அதை நீதான் செலவழித்தாய் என்று ஒருவரை ஒருவர் இத்தனை நாள் சந்தேகப்பட்டிருக்கிறோம்.

அடுத்தது மாதா மாதம் வராத செலவு. நாங்கள் சறுக்கி விழுந்த இடம் இதுதான். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் முதல் பட்டியலில் அதை எழுத மறந்தே போயிருந்தோம். பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பள்ளிக் கட்டணம் இரண்டு தவணையாக ஆண்டுக்கு 36,000. மின்சாரம் 1,400 வீதம் ஆறு முறை, 8,400. வண்டிக் காப்பீடும் சர்வீசும் 6,000. தீபாவளி 18,000.

மொய்க்கு எவ்வளவு என்பதில்தான் மறுபடியும் குரல் உயர்ந்தது. அவர் 10,000 என்றார், நான் 30,000 என்றேன். பீரோவிலிருந்து எங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்து வந்தேன். நமக்கு எழுதியவர்களில் யார் வீட்டில் பெண்ணோ பையனோ கல்யாணத்துக்கு நிற்கிறார்கள் என்று பெயர் பெயராகப் பார்த்தோம். எட்டு வீடு தேறியது. அன்று 1,000 எழுதியவருக்கு இன்று அதே 1,000 எழுத முடியாது என்பதால் கொஞ்சம் கூட்டிப் போட்டோம். சீர், வளைகாப்பு எல்லாம் சேர்த்து 24,000 வந்தது. ஊகத்தில் ஒரு தொகை போடாமல் நோட்டைப் பாருங்கள்.

இவை மொத்தம் 92,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,700. காணாமல் போன 13,000இல் பாதிக்கு மேல் இதற்குத்தான் போயிருக்கிறது. மீதி 5,300இல் ஆளுக்கு 1,500 கைச்செலவு. அதற்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக்கூடாது. மிஞ்சும் 2,300 அவசரத்துக்கு.

பணத்தை எங்கே வைப்பது? 7,700ஐ இருவர் பெயரிலும் உள்ள தனிச் சேமிப்புக் கணக்கில், சம்பளம் வந்த அன்றே போட்டுவிடுங்கள். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைக் கைபேசியில் பணம் அனுப்பும் செயலியோடு இணைக்காதீர்கள். இணைத்தால் டீக்கடையில் கரைந்துவிடும். கணக்கெழுதும் செயலிகள் மூன்றைப் பார்த்துவிட்டேன். சந்தையில் ரொக்கமாகக் கொடுத்த கீரைக் காசு எதிலும் தானாக ஏறுவதில்லை. எனக்கு நீள நோட்டுதான்.

முதல் ஆண்டில் ஒரு சிக்கல். ஏப்ரலில் தொடங்கினோம். மே மாதக் கடைசியில் பள்ளிக்கு 18,000 கட்டவேண்டும். இரண்டு மாதத்தில் சேர்ந்தது 15,400. அதில் மின்சாரத்துக்கு 1,400, வைகாசிக் கல்யாணம் ஒன்றுக்கு 3,000 போக 11,000தான் இருந்தது. "உன் கணக்கு இதுதானா?" என்றார். கணக்கில் தவறில்லை, பன்னிரண்டு மாதம் சேரவேண்டிய பானையில் இரண்டு மாதக் காசுதான் விழுந்திருந்தது. குறைந்த 7,000க்கு இரண்டு மாத அவசரப் பணம் 4,600ஐ எடுத்தோம். மீதி 2,400ஐ ஆளுக்கு 1,200ஆகக் கைச்செலவிலிருந்து போட்டோம். நீங்கள் தொடங்கும்போது அடுத்த மூன்று மாதத்தில் வரப்போகும் பெரிய செலவைத் தேதியோடு எழுதி, அதை மட்டும் மீதமுள்ள மாதங்களால் வகுத்துப் பாருங்கள். பற்றாக்குறை முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: விசைத்தறியில் வாரக்கூலி வாங்கும் ஒருவரின் மனைவி, மாதச் சம்பளம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். நான்கு வாரக் கூலியை மட்டும் மாத வரவாக வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆண்டில் நான்கு மாதமாவது ஐந்து சனிக்கிழமை வரும். அந்த ஐந்தாவது வாரக் கூலியை வீட்டுக்குக் கொண்டுவராமல் நேரே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். தறி ஓடாத வாரம் வந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.