திரையைப் படமெடுக்கும்போது வரும் அலைகளும் பட்டைகளும்

கணினித் திரையைப் போனில் படமெடுத்தால் இரண்டு வகைக் கோளாறுகள் வரும். எது வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். போனைச் சற்று அசைத்ததும் வானவில் போன்ற நெளிவுகள் வடிவம் மாறினால், திரையின் புள்ளி வரிசையும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று அர்த்தம். இரண்டடி பின்னால் போய் 2x ஜூம் வைத்து, போனைக் கொஞ்சம் சாய்த்து எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மறைந்துவிடும். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கியும் பார்த்துவிடுங்கள். சிறிதாகக் காட்டும்போது மட்டும் தெரியும் நெளிவு படத்தில் இருக்காது.

குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது வேறு சங்கதி. கேமரா படத்தை வரி வரியாகப் பதிகிறது; திரையோ வேகமாக மினுக்குகிறது. ப்ரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/60 அல்லது 1/30 ஆக வையுங்கள். 1/500 போன்ற வேகத்தில் பட்டை வரத்தான் செய்யும். டிவியில் 1/50-ஐயும் முயலுங்கள். அப்புறம், திரையின் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டுங்கள். பல எல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போதுதான் விளக்கை அணைத்து அணைத்து எரியவிடுகின்றன.