ஸ்கேன் செய்த பக்கம் அச்சில் பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால்

ஸ்கேன் செய்த ஏ4 பக்கம் பிடிஎஃப்பிலோ வேர்டிலோ சுவரொட்டி அளவுக்கு விரிந்தாலோ தபால்தலை போலச் சுருங்கினாலோ, மறுபடி ஸ்கேன் செய்வதற்கு முன், படத்தின் அகலம் எத்தனை பிக்சல் என்று பார்த்து அதைத் தாளின் அகலமான 8.27 அங்குலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வரும் எண்ணே அந்தப் படத்துக்குரிய சரியான டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள். கிம்ப் மென்பொருளில் Image > Print Size பகுதிக்குச் சென்று, X resolution, Y resolution இரண்டிலும் அந்த எண்ணை இட்டு, Export As மூலம் சேமித்தால் போதும்.

படக்கோப்பில் படமாக இருப்பவை பிக்சல்கள் மட்டுமே. தாளில் எவ்வளவு இடம் பிடிக்க வேண்டும் என்பதை உடன் எழுதப்பட்டுள்ள டிபிஐ எண்தான் சொல்கிறது. 300 டிபிஐயில் ஸ்கேன் செய்த ஏ4 பக்கம் 2480 பிக்சல் அகலம் இருக்கும். இடையில் ஏதோ ஒரு செயலி அந்த எண்ணை 72 என்று மாற்றிவிட்டால், அதே படம் ஏறத்தாழ 34 அங்குல அகலமாகிவிடும். Scale Image பகுதியைத் தொடாதீர்கள், ஏனெனில் அது பிக்சல்களையே மாற்றி எழுத்துகளை மங்கச் செய்யக்கூடும்.

வகுத்து வரும் எண்ணே 72 அளவில் இருந்தால், அந்தப் படத்தில் போதிய விவரம் இல்லை என்று பொருள். அப்போது 300 டிபிஐ வைத்து மறுபடி ஸ்கேன் செய்வதே வழி. விண்ணப்பத் தளங்கள் பிக்சல் அளவையோ கேபி அளவையோ வரையறுக்கும் இடத்திலும் இந்த டிபிஐ மாற்றம் உதவாது.