கச்சான் அப்படியே திரும்பி வந்தது: கொரியனைத் தமிழுக்குத் திருப்பிப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் என் மாமா வள்ளம் வைத்திருக்கிறார். போன ஆனி மாதம் கடல்பாசி பார்க்க வந்த கொரியர் ஒருவர் நாலு நாள் அந்த வள்ளத்தில் தென்கடலுக்குப் போய்வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை, மாமாவுக்கும் அரைகுறை. அதனால் மறுநாள் என்ன ஏது என்பதை ராத்திரியே நான் தமிழில் எழுதி, கைபேசிச் செயலியில் கொரியனுக்கு மாற்றி அவருக்கு அனுப்பிவிடுவேன். இரண்டாம் நாள் ராத்திரி மாமா சொல்லச் சொன்னது இது: "நாளைக்குக் கச்சான் அடிச்சா கடலுக்குப் போகமாட்டோம். நீங்க வர வேணாம்."

கொரியனில் வந்ததை நகலெடுத்து, அதே செயலியில் தமிழுக்குத் திருப்பிப் பார்த்தேன். "நாளை கச்சான் அடித்தால் கடலுக்குப் போக மாட்டோம். நீங்கள் வர வேண்டாம்" என்று வந்தது. சொல் பிசகாமல் வந்த திருப்தியில் அனுப்பிவிட்டேன். காலை ஐந்தரைக்குக் கச்சான் நன்றாக அடித்துக்கொண்டிருக்கிறது, அந்த மனிதர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கிறார். கைபேசியை மாமாவிடம் நீட்டி அவர் கேட்ட முதல் கேள்வி, "கச்சான் யார்?"

கச்சான் மேற்கேயிருந்து வரும் காற்று. தென்கடல்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. செயலிக்கு அந்தச் சொல் தெரியவில்லை. தெரியாததை அது தெரியாது என்று சொல்லாது, ஒலியை மட்டும் கொரிய எழுத்தில் எழுதி வைத்துவிடும். திரையில் இருந்தது இதுதான்:

```
카찬이 치면
```

முதல் இரண்டு எழுத்துக் கட்டங்கள் 'காச்சான்' என்ற ஒலி. அடுத்த 이 எழுவாய்க்குப் பின்னால் வரும் ஒட்டு, ஆள் பெயருக்குப் பின்னாலும் அது ஒட்டும். 치면 என்றால் கையாலோ கம்பாலோ 'அடித்தால்'. காற்று அடிப்பதற்குக் கொரியனில் வேறு வினை, 불다, அதாவது வீசுவது. ஆக அவர் படித்தது, 'காச்சான் என்ற ஒருத்தன் அடித்தால் நாங்கள் போகமாட்டோம்' என்பது.

இந்த முறையில் அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான், நானும் இதைத்தான் செய்தேன். எழுதிய சொல் அப்படியே திரும்பி வந்தால் மொழிபெயர்ப்பு சரி என்று எடுத்துக்கொள்கிறோம். மொழிபெயர்க்கப்படாத சொல்தான் அச்சுப் பிசகாமல் திரும்பி வரும். ஒலியாகப் போனது ஒலியாகவே திரும்புகிறது, நடுவில் அர்த்தம் என்ற ஒன்றே இல்லை. நன்றாக மாற்றப்பட்ட சொல் கொஞ்சம் உருமாறித்தான் வரும். 'கச்சான்' போய் 'மேற்குக் காற்று' என்று திரும்பியிருந்தால் எனக்கு அன்றைக்கு நெருடியிருக்கும், உண்மையில் அதுதான் நல்ல அறிகுறி.

இதைக் கண்டுபிடிக்கக் கொரியன் தெரிய வேண்டாம். செயலியில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும், அதை அழுத்திக் கொரியனைக் காதால் கேளுங்கள். உங்கள் தமிழ்ச் சொல் உள்ளே கேட்டால் அது மாற்றப்படவில்லை. ராமேஸ்வரம், பாம்பன் போன்ற ஊர்ப்பெயர்கள் அப்படிக் கேட்பது சரி. கச்சானோ வாடையோ கொண்டலோ கேட்டால் தமிழ் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். கொஞ்சம் நேரம் இருந்தால் கொரிய எழுத்தையே படிக்கப் பழகிவிடலாம். அடிப்படை எழுத்துகள் மொத்தம் 24 தான்.

ஒலியாகப் போகாத சொற்களும் ஏமாற்றும். "இன்னிக்குப் பாடு இல்ல" என்று நம் கரையில் சொன்னால் மீன் கிடைக்கவில்லை என்று எல்லாருக்கும் புரியும். செயலிக்குப் 'பாடு' என்றால் பாட்டுப் பாடுவதாகவும் இருக்கலாம், கஷ்டமாகவும் இருக்கலாம். கொரியனுக்குப் போனால் எது வரும் என்று சொல்ல முடியாது, அது மறுபடி 'பாடு' என்றே தமிழுக்குத் திரும்பினால் நமக்குத் தெரியவும் தெரியாது. கரைப்பேச்சை அப்படியே உள்ளே போடாமல், மதுரைக்காரருக்குப் புரிகிற மாதிரி "இன்று மீன் அதிகம் கிடைக்கவில்லை" என்று முதலில் தமிழிலிருந்து தமிழுக்கு மாற்றிவிடுங்கள். பாதிப் பிழை அங்கேயே போய்விடும்.

போவதற்கும் வருவதற்கும் ஒரே செயலியைப் பயன்படுத்துவது அடுத்த தவறு. ஒரு சொல்லை அது ஒரு பக்கம் எப்படித் தவறாகப் புரிந்துகொண்டதோ, அதே தவறைத் திரும்பும்போதும் செய்து சரிக்கட்டிவிடுகிறது. கச்சான் வாக்கியத்தைப் பிறகு வேறொரு செயலியில் போட்டுப் பார்த்தேன். 'காச்சன் தாக்கினால்' என்று வந்தது. முன்னாடியே பார்த்திருந்தால் விஷயம் பத்து விநாடியில் வெளியே வந்திருக்கும்.

இரண்டாவது செயலியை வைத்துப் பார்த்தாலும் சிக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று மரியாதை. "வர வேண்டாம்" என்பது கொரியனில் 오지 마 என்றும் வரலாம், 오지 마세요 என்றும் வரலாம். முதலாவது 'வராதே', தம்பியிடம் சொல்வது. இரண்டாவது 'வராதீங்க'. தமிழுக்குத் திருப்பினால் இரண்டும் 'வர வேண்டாம்' என்றே வரக்கூடும், வித்தியாசம் கண்ணில் படாது. இதைக் கொரியனில்தான் பார்க்க வேண்டும், தமிழில் பார்த்துப் பயனில்லை. வாக்கியத்தின் கடைசி எழுத்துக் கட்டத்தைப் பாருங்கள். பெரியவர்களிடம் பேசும் வாக்கியம் பெரும்பாலும் 요 என்றோ 니다 என்றோ முடியும். 요 என்பது மேலே ஒரு வட்டம், கீழே ஒரு கிடைக்கோடு, அந்தக் கோட்டின்மேல் நிற்கும் இரண்டு சிறு கோடுகள். அந்த உருவம் ஞாபகம் இருந்தால் போதும்.

இதிலேயே இன்னொரு கண்ணி 'நீங்கள்'. செயலி அதற்கு 당신 என்று போடும், 'தாங்ஷின்' என்று கேட்கும். திருப்பினால் அழகாக 'நீங்கள்' என்று வரும். ஆனால் அறிமுகமில்லாத பெரியவரை நேருக்கு நேர் அப்படிச் சொல்லும் வழக்கம் கொரியர்களிடம் இல்லை. கணவன் மனைவி சொல்லிக்கொள்வார்கள், சண்டையிலும் வரும். மற்றபடி பதவியையோ உறவையோ சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நாம் அண்ணே, ஐயா, மாமா என்று கூப்பிடுகிற மாதிரி. ஆகவே தமிழ் வாக்கியத்திலேயே 'நீங்கள்' என்பதை எடுத்துவிடுங்கள். "காலையில் கரைக்கு வாருங்கள்" என்றால் யாரைச் சொல்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது நாமும் நாங்களும். "நாங்க போகமாட்டோம்" என்றால் வந்தவர் வேறு வள்ளத்தில் போகலாம். "நாம போக வேணாம்" என்றால் அவருக்கும் சேர்த்துத்தான் தடை. கடலில் இது சின்ன வித்தியாசம் இல்லை. கொரியனில் 우리 என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வரும். கேட்பவரைச் சேர்க்காமல் பணிவாகச் சொல்ல 저희 என்று தனியாக உண்டு, செயலி அதைப் போட்டால்தான் ஆச்சு. பல செயலிகள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்துதான் கொரியனுக்குப் போகின்றன. ஆங்கிலத்தில் இந்தப் பிரிவே கிடையாது என்பதால் நடுவழியில் அது கரைந்துவிடுகிறது. திரும்பும்போது செயலி ஏதோ ஒன்றைத் தமிழில் போடும், அது நாம் எழுதியதாகவே அமைந்துவிட்டால் எல்லாம் சரி என்று தோன்றும்.

இதற்கு நான் இப்போது வைத்திருக்கும் சோதனை இது. ஒரே வாக்கியத்தை 'நாம்' போட்டு ஒரு தடவை, 'நாங்கள்' போட்டு ஒரு தடவை மாற்றுங்கள். கொரியன் இரண்டும் அச்சாக ஒன்றாக வந்தால் அந்த வித்தியாசம் போகவில்லை என்று அர்த்தம். 'முடியாது', 'மாட்டோம்' இரண்டையும் இப்படியே பார்க்கலாம். கொரியனில் 못 என்றால் முடியாது, 안 என்றால் செய்யவில்லை அல்லது செய்யப்போவதில்லை. திரும்பி வந்த தமிழை உற்றுப் பார்ப்பதைவிட, எதிர்வாக்கியத்தை உள்ளே போட்டுக் கொரியன் அசைகிறதா என்று பார்ப்பது பல மடங்கு நம்பகமானது.

தலைகீழான தவறும் உண்டு, சரியான கொரியனைத் தவறென்று நினைத்துக் கலைத்துவிடுவது. 배 என்ற ஒரே சொல்லுக்குப் படகு, வயிறு, பேரிக்காய் என்று மூன்று அர்த்தம். 'படகு சின்னது' என்று அனுப்பினால் 'வயிறு சின்னது' என்று திரும்பலாம். கொரியன் சரியாகத்தான் இருக்கிறது, கடல் பேச்சுக்கு நடுவில் படிப்பவர் அதைப் படகு என்றே எடுத்துக்கொள்வார். சந்தேகமாக இருந்தால் கடலையோ மீனையோ அந்த வாக்கியத்துக்குள் கொண்டுவந்து மறுபடி திருப்புங்கள். அப்போது படகு வந்துவிட்டால் பயமில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி மாமா சொன்னதை இப்படி எழுதினேன்: "நாளை மேற்குக் காற்று பலமாக வீசினால் படகு கடலுக்குப் போக முடியாது." கச்சானும் இல்லை, அடிப்பதும் இல்லை, நாம் நாங்கள் சிக்கலும் இல்லை. வந்தது இது:

```
내일 서풍이 강하게 불면 배가 바다에 나갈 수 없습니다.
```

முடிவில் 니다 இருந்தது. ஒலியில் தமிழ்ச் சொல் எதுவும் கேட்கவில்லை. 'முடியாது' என்பதை எடுத்துவிட்டு 'போகும்' என்று போட்டபோது கடைசிப் பகுதி மாறியது. அப்புறம் இன்னொரு செயலியில் தமிழுக்குத் திருப்பி, வந்ததை மட்டும் அத்தை மகளிடம் காட்டினேன். நான் முதலில் எழுதியதை அவள் பார்க்கவில்லை, அது ரொம்ப அவசியம். எழுதிய ஆளே திருப்பியதைப் படித்தால் கண் தானாகவே பழைய வாக்கியத்தைத்தான் படிக்கும். "என்ன புரியுது?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லாருமே தலையாட்டுவார்கள். அதனால் எது போகாது, எப்போது, எதனால் என்று மூன்று கேள்வி கேட்டேன். மூன்றும் சரியாகச் சொல்லிவிட்டு அவள் ஒன்று கேட்டாள்: "அப்ப அவர் கரைக்கு வரணுமா, வர வேணாமா?"

முதல் செய்தியில் இருந்த "வர வேணாம்" திருத்தும்போது விழுந்துபோயிருந்தது. அந்தக் குறை திருப்பிப் பார்ப்பதில் சிக்கவே சிக்காது, ஏனென்றால் தமிழிலேயே அது இல்லை. "அப்படியானால் விடுதியிலேயே இருங்கள், ஆறு மணிக்கு நாங்கள் தொலைபேசியில் அழைக்கிறோம்" என்று சேர்த்து, மறுபடி முதலிலிருந்து எல்லாம் பார்த்து அனுப்பினேன். மறுநாளும் கச்சான் விடவில்லை. கரையில் யாரும் நிற்கவில்லை. மாமா ஆறு மணிக்குக் கூப்பிட்டபோது மணி அடித்ததுமே எடுத்தார்.