வில்சன் தேற்றம்: பாதியில் மடிக்கும்போது மறைக்குறிகளை எண்ணுங்கள்

கிளிநொச்சியில் கணித ஒலிம்பியாட்டுக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்கு வார இறுதிகளில் எண் கோட்பாடு கற்பிக்கிறேன். பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். கூர்மையான பிள்ளைகள். ஆனால் வில்சன் தேற்றம் வரும்போது மட்டும், நாங்கள் மாணவர்களாக இருந்த காலத்தில் செய்த அதே தவறுகள் அவர்களுடைய விடைத்தாள்களிலும் வந்து அமர்ந்துவிடுகின்றன. பெருக்கலில் சறுக்குவது, எண்ணை மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தேற்றத்தின் குற்றமல்ல.

தேற்றம் சொல்வது இதுதான்: 1ஐ விடப் பெரிய முழு எண் p முதன்மை எண்ணாக இருந்தால் (p−1)! ≡ −1 (மட்டு p). முதன்மை எண்ணாக இல்லாவிட்டால் இது உண்மையாகாது. 1770இல் எட்வேர்ட் வேறிங் இதைத் தம் மாணவர் ஜோன் வில்சனின் பெயரில் வெளியிட்டார். அவர்கள் இருவரிடமும் நிறுவல் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு லாக்ராஞ்ச் நிறுவினார்.

−1 எங்கிருந்து வருகிறது என்பதை 13இல் பார்த்துவிடலாம். 1 முதல் 12 வரையுள்ள எண்களில் 2க்கு 7 சோடி, ஏனெனில் 14ஐ 13ஆல் வகுத்தால் மீதி 1. அதேபோல் 3க்கு 9, 4க்கு 10, 5க்கு 8, 6க்கு 11. ஒவ்வொரு சோடியின் பெருக்கமும் மீதி 1ஐத் தருவதால் அவை அனைத்தும் கரைந்துபோகின்றன. சோடியில்லாமல் எஞ்சுபவை 1உம் 12உம். 12 ≡ −1. வேறெதுவும் இல்லை.

முழுப் பெருக்கத்தையும் கண்டுபிடித்துவிட்டு வகுப்பது

28! என்பது 30 இலக்க எண். பத்து இலக்கங்களைக் காட்டும் கணிப்பானில் அதைத் தட்டினால் முன்பகுதியும் பத்தின் ஓர் அடுக்கும் மட்டுமே திரையில் தெரியும். மீதியைத் தீர்மானிப்பதற்கு எல்லா இலக்கங்களும் வேண்டும். கடைசிப் பகுதி வெட்டப்பட்ட எண்ணை 29ஆல் வகுத்து வரும் விடைக்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் உடனே மீதியை எடுத்துக்கொண்டு முன்னே போக வேண்டும். அப்படிச் செய்தால் கையிலிருக்கும் எண் ஒருபோதும் 28ஐத் தாண்டாது, கணிப்பானே தேவைப்படாது.

சேர்த்தி எண் என்றால் மீதி 0 என்று எழுதுவது

4ஐத் தவிர மற்ற எல்லாச் சேர்த்தி எண்களுக்கும் சரி. 3! = 6, அதை 4ஆல் வகுத்தால் மீதி 2.

பாதியில் மடிக்கும்போது மறைக்குறிகளை எண்ணாமல் விடுவது

விலை அதிகமுள்ள தவறு இதுதான். இன்றைக்கும் ஒரு விடைத்தாளில் இதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

வில்சன் தேற்றத்தை வைத்து x² ≡ −1 (மட்டு p) என்ற ஒருங்கிசைவைத் தீர்க்க ஓர் அழகான வழி உண்டு. 29ஐ எடுத்துக்கொள்வோம். 28 ≡ −1, 27 ≡ −2, 26 ≡ −3 என்று இறங்கிவந்தால் 15 ≡ −14. ஆகவே 28! என்ற பெருக்கத்தின் மேல்பாதி, அதாவது 15 முதல் 28 வரையுள்ள எண்கள், கீழ்பாதியின் மேலேயே மறைக்குறியோடு வந்து விழுகின்றன. மேல்பாதியில் 14 எண்கள் இருப்பதால் மறைக்குறிகளும் 14. அது இரட்டை, எனவே அவை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எஞ்சுவது 28! ≡ (14!)². இடப்பக்கம் −1 என்பது நமக்குத் தெரியும். ஆகவே (14!)² ≡ −1, x ஆக 14!ஐ எடுத்துக்கொள்ளலாம்.

இனி 14!இன் மீதியைப் படிப்படியாகக் காண்போம். 4! = 24. 5ஆல் பெருக்க 120, மீதி 4. 6ஆல் பெருக்க 24. 7ஆல் பெருக்க 168, மீதி 23; இதை −6 என்று வைத்துக்கொள்வது எளிது. 8ஆல் பெருக்க −48, மீதி 10. 9ஆல் பெருக்க 90, மீதி 3. 10ஆல் பெருக்க 30, மீதி 1. 11ஆல் பெருக்க 11. 12ஆல் பெருக்க 132, மீதி 16. 13ஆல் பெருக்க 208, மீதி 5. 14ஆல் பெருக்க 70, மீதி 12. ஆகவே x ≡ 12. சரிபார்ப்போம்: 12² = 144 = 29 × 5 − 1. சரி.

இந்த வகுப்புக்கு அடுத்ததாக நான் வைத்த மாதிரிப் பரீட்சையில் 29க்குப் பதிலாக 19ஐக் கொடுத்திருந்தேன். வகுப்பிலேயே வேகமாகக் கணக்கிடும் மாணவன் 9!இன் மீதியைப் பிழையில்லாமல் கண்டான்: 362880ஐ 19ஆல் வகுக்க மீதி 18. "ஆகவே x ≡ 18" என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டு முடித்துவிட்டான். புள்ளி போடாமல் திருப்பிக் கொடுத்தபோது அவன் நேரே என்னிடம் வந்தான்.

"சேர், 29க்கு இதே வழியில்தானே செய்தோம்? கணக்கிலும் பிழை இல்லையே."

"18ஐ வர்க்கித்துப் பார்" என்றேன்.

324. அது 19 × 17 + 1. அவனுக்கு வந்தது +1. கேள்வி கேட்டது −1.

நடந்தது என்ன? 19இல் மேல்பாதி 10 முதல் 18 வரை. அதில் ஒன்பது எண்கள். ஒன்பது மறைக்குறிகள் ஒற்றை எண்ணிக்கை என்பதால் ஒன்று அழியாமல் நிற்கிறது. 18! ≡ −(9!)². இடப்பக்கம் −1 ஆகையால் (9!)² ≡ +1. அவன் அந்த ஒற்றை மறைக்குறியைக் காணாமலே கடந்துபோனான். 29இல் பார்த்த வடிவத்தை அப்படியே இங்கே ஒட்டிவிட்டான்.

இதில் இழப்பது ஒரு குறியை மட்டுமல்ல. 19க்கு இந்த ஒருங்கிசைவுக்குத் தீர்வே கிடையாது. கேள்வி எதிர்பார்த்த விடையே அதுதான். x² ≡ −1 என்று ஒரு x இருந்தால் இருபுறமும் ஒன்பதாம் அடுக்கை எடுங்கள்: x¹⁸ ≡ (−1)⁹ = −1. ஆனால் பெர்மாவின் சிறிய தேற்றப்படி x¹⁸ ≡ 1. இரண்டும் உண்மையானால் 19 என்பது 2ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். அது நடக்காது. இந்த நான்கு வரிகளை எழுதியிருந்தால் முழுப் புள்ளியும் அவனுக்குத்தான். இல்லாத தீர்வைத் தேடிக் கண்டுபிடித்ததாக எழுதியதால் ஒரு புள்ளிகூட இல்லை.

எதிர்த்திசையில் தவறியவர்களும் உண்டு. ஒரு மாணவி 29க்கே "தீர்வு இல்லை" என்று எழுதினாள். 15 முதல் 28 வரை எத்தனை எண்கள் என்பதற்கு 28இலிருந்து 15ஐக் கழித்து 13 என்று எடுத்திருந்தாள். தொடக்க எண்ணையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதை மறந்ததால் இரட்டை ஒற்றையாகிவிட்டது. இதைத் தவிர்க்க மேல்பாதியை எண்ணவே வேண்டாம். (p−1)/2 என்பதே மறைக்குறிகளின் எண்ணிக்கை. அது இரட்டையாக வேண்டுமானால் pஐ 4ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 5, 13, 17, 29, 37 இந்த வகை. மீதி 3 வந்தால், 7, 11, 19, 23 போல, x² ≡ −1 என்பதற்குத் தீர்வு இல்லை. பெருக்கத் தொடங்கும் முன்பே இந்த வகுத்தலைச் செய்யுங்கள்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். மீதி 3 வகையில் பாதிப் பெருக்கத்தின் வர்க்கம் +1 என்பதால் பாதிப் பெருக்கம் +1 ஆகவோ −1 ஆகவோ இருக்கும். 7க்கு 3! ≡ −1. 11க்கு 5! ≡ −1. 19க்கு 9! ≡ −1. மூன்றைப் பார்த்த மாணவர்கள் "எப்போதும் −1" என்று விதி எழுதிவிடுகிறார்கள். அடுத்த எண்ணே அதை உடைக்கிறது: 23க்கு 11! ≡ +1. இந்தக் குறியைச் சொல்ல 4ஆல் வகுத்த மீதியைப் போன்ற எளிய விதி எதையும் பாடசாலை மட்டத்தில் தேட வேண்டாம். பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

எந்த வகையாக இருந்தாலும், கிடைத்த xஐ ஒருமுறை வர்க்கித்துப் பார்க்காமல் விடைத்தாளைக் கொடுக்காதீர்கள். இரண்டு இலக்க எண்ணின் வர்க்கம் அது. ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஒரு விடையோடு நிறுத்துவது

29க்கு 12 மட்டுமல்ல, 17உம் விடை.

பின்னம் எழுதுவது

26!ஐ 29ஆல் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டால், 28! = 28 × 27 × 26! என்று பிரித்து, 28ஐ −1 ஆகவும் 27ஐ −2 ஆகவும் மாற்றி, 2 × 26! ≡ −1 என்ற இடம்வரை எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அங்கே பாதிப்பேர் "26! ≡ −1/2" என்று எழுதி நிற்கிறார்கள். மீதி ஒரு முழு எண். −1க்குப் பதிலாக, அதோடு 29ஐக் கூட்டி 28 என்று எழுதுங்கள்: 2 × 26! ≡ 28. 29க்கும் 2க்கும் பொதுக் காரணி இல்லாததால் இருபுறமும் 2ஆல் வகுக்கலாம். விடை 14.

பெரிய எண்ணைச் சோதிக்க இதைத் தூக்கிக்கொண்டு போவது

221 முதன்மை எண்ணா என்று கேட்டதற்கு ஒரு மாணவன் 220!ஐத் தொடங்கி, மூன்று பக்கம் எழுதினான். 221 = 13 × 17. அவன் மீதிகளைச் சரியாக எடுத்திருந்தால் 17ஆல் பெருக்கும் இடத்திலேயே மீதி 0 ஆகியிருக்கும். ஒருமுறை 0 ஆகிவிட்டால் அதற்குப்பின் எத்தனை எண்ணால் பெருக்கினாலும் 0தான். அங்கேயே நிறுத்தி "சேர்த்தி எண்" என்று எழுதலாம். அவனோ நடுவில் ஒரு மீதியைத் தவறவிட்டு 60ஐயும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். வழமையான முறையில் 2, 3, 5, 7, 11 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தபின் ஆறாவதாக 13 கைக்கு வந்துவிடும்.

சேர்த்தி எண்ணிலாவது இடையில் 0 வந்து காப்பாற்றும். முதன்மை எண்ணில் 0 வரவே வராது. கடைசிவரை பெருக்கியே ஆக வேண்டும். 1000003 ஒரு முதன்மை எண். வில்சன் வழியில் அதை உறுதிசெய்ய ஏறத்தாழ பத்து இலட்சம் பெருக்கல்கள் தேவை. 1000க்குக் கீழுள்ள 168 முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தாலே அதே முடிவுக்கு வந்துவிடலாம். பரீட்சையில் எண்ணைக் கொடுத்து முதன்மையா என்று மட்டும் கேட்டிருந்தால் வகுத்துப் பாருங்கள். கேள்வியில் காரணியமும் முதன்மை எண்ணால் வகுத்த மீதியும் சேர்ந்து வந்தால் வில்சனை எடுங்கள்.