சதுர அடிக் கணக்கு ஏமாற்றும் இடம்: சரிவு நிலத்தில் சின்ன வீடு

களியக்காவிளையைத் தாண்டி கேரளத்துப் பாறசாலைப் பக்கம் வீட்டு பிளான் கேட்டு வருகிற குடும்பங்களின் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "ஸ்கொயர் ஃபீட்டுக்கு எவ்வளவு ஆவும் சார்?" மனையைப் பார்க்காமலே இதற்கு ஒரு தொகை சொல்லிவிடுவதுதான் டிப்ளமோ முடித்துப் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் செய்கிற பெரிய தவறு. 700 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் 15,40,000 ரூபாய். குடும்பம் அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டுதான் நகையை அடகு வைக்கும், கடனுக்கு அலையும். ஆனால் சதுர அடி ரேட் என்பது தரைக்கு மேலே நிற்கிற வீட்டின் கணக்கு. இந்தப் பக்கத்து மனைகளில் பணம் போவது தரைக்குக் கீழே.

ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற நாலு சென்ட் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலு சென்ட் என்றால் சுமார் 1,742 சதுர அடி. அகலம் 40 அடி, நீளம் நாற்பத்து மூன்றரை அடி என்று இருக்கட்டும். வீடு 28க்கு 25 அடி. ரோட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலம் கிட்டத்தட்ட சமமாகத்தான் தெரியும், செடி கொடி மறைத்துவிடும். நாற்பது ஐம்பது அடி நீளத்துக்கு ஒரு தெளிவான டியூப்பை எடுத்து, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வீட்டின் நான்கு மூலைகளிலும் கம்பு நட்டு மட்டம் பிடித்துப் பாருங்கள். ஒரு ஆள் துணை போதும், அரை மணி நேர வேலை. நம் மனையில் பின்பக்க மூலைகள் முன்பக்கத்தைவிட நாலு அடி தாழ்ந்திருக்கின்றன.

இப்போது கணக்கு. வீட்டுத் தரை முன்பக்க நிலத்தைவிட இரண்டு அடி உயரத்தில் வர வேண்டும். அப்படியென்றால் பேஸ்மென்ட் முன்னால் இரண்டு அடி, பின்னால் ஆறு அடி, சராசரி நாலு அடி. ஒன்றரை அடி கருங்கல் சுவர்களை வெளிப்பக்கம் கழித்தால் உள்ளே 25க்கு 22 அடி. குறுக்குச் சுவர்களையும் கழித்தால் மண் நிரப்ப வேண்டிய இடம் ஏறக்குறைய 500 சதுர அடி. சமநிலத்தில் இரண்டு அடிக்கு 1,000 கன அடி மண், அதாவது பத்து யூனிட். இங்கே 2,000 கன அடி, இருபது யூனிட். லாரியில் வருவது இளகிய மண். தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்கும். கால் பங்கு கூடுதலாகச் சேர்த்தால் இருபத்தைந்து யூனிட் ஆகிறது. தரை கான்கிரீட்டின் தடிமனைக் கழித்தால் இதில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மண் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். பின்சுவர் 28 அடி நீளத்துக்கு நாலு அடி கூடுதல் உயரம், 112 சதுர அடி. பக்கச் சுவர்கள் இரண்டும் 25 அடி, சராசரி இரண்டு அடி கூடுதல், சேர்த்து 100. ஆக 212 சதுர அடி கருங்கல் கட்டு அதிகம். ஒன்றரை அடி தடிமனுக்கு 318 கன அடி. உள் சுவர்களின் அஸ்திவாரம் இதில் சேரவில்லை. அதோடு பின்னாலிருக்கும் ஆறு அடிச் சுவர் வெறும் பேஸ்மென்ட் இல்லை, மண்ணைத் தாங்கிப் பிடிக்கிற தடுப்புச் சுவர். அதற்கு அடியில் ஒன்றரை அடி அகலம் போதாது. அகலத்தைக் கூட்டிக் கட்ட வேண்டும், மழைத் தண்ணீர் வெளியேறத் துளைக் குழாய் வைக்க வேண்டும். இடவப்பாதி ஒரு தடவை, துலாவர்ஷம் ஒரு தடவை என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் நனைகிற மண் இது.

இதையெல்லாம் எஸ்டிமேட்டில் காட்டாமல் விட்டால் என்ன நடக்கும்? கான்ட்ராக்டர் நஷ்டப்பட மாட்டார். மண்ணை ஒரே மூச்சில் கொட்டி மேலே தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். அரை அடி, முக்கால் அடி அடுக்காகப் போட்டு இடித்த தரையும் அப்படிக் கொட்டிய தரையும் குடிபோகும் நாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்றிரண்டு மழைக்காலம் கழித்துப் பின் அறையில் போய்ப் பாருங்கள். ஸ்கர்ட்டிங்குக்கும் தரை டைலுக்கும் நடுவே நூல் மாதிரி இடைவெளி விட்டிருக்கும், டைலைத் தட்டினால் வெற்று ஓசை கேட்கும். சுவர் இறங்கியிருந்தால் சுவரிலேயே சாய்வான விரிசல் தெரியும். சுவரில் விரிசல் இல்லாமல் தரை மட்டும் விலகியிருந்தால் பெரும்பாலும் ஃபில்லிங்தான் காரணம்.

மட்டம் கையில் இருந்தால் பிளானையே மாற்ற முடியும். பின்பக்கம் பத்து அடி ஆழத்துக்குச் சமையலறையையும் ஒர்க் ஏரியாவையும் வைத்து, அந்தப் பகுதியை மட்டும் ஒன்றரை அடி, அதாவது அரை அடிப் படி மூன்று, இறக்கிவிடலாம். மண்ணில் மிச்சமாவது மூன்று யூனிட்தான். ஆனால் பின்சுவர் ஆறு அடியிலிருந்து நாலரை அடியாகக் குறைகிறது, உண்மையான லாபம் அதில்தான். வீட்டில் முட்டிவலிக்கார அம்மச்சி இருந்தால் கக்கூஸும் படுக்கையறையும் மேல் மட்டத்திலேயே இருக்கட்டும். சமையல் அவர் கையில்தான் என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

அடுத்த தவறும் இதே சரிவிலிருந்து வருவதுதான். கழிவுத் தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஓடும், அதனால் செப்டிக் டேங்கை எல்லாரும் பின்னால் போடுகிறார்கள். கிணறும் தாழ்வான இடத்தில்தான் தோண்டியிருப்பார்கள். கேரளக் கட்டிட விதிகளின்படி குடிநீர்க் கிணற்றிலிருந்து ஏழரை மீட்டருக்குள், ஏறக்குறைய இருபத்தைந்து அடிக்குள், செப்டிக் டேங்கோ உறிஞ்சுகுழியோ வரக்கூடாது. மனை எல்லையிலிருந்தும் 1.2 மீட்டர் விட வேண்டும். இங்கே பலர் கோட்டை விடுவது பக்கத்து வீட்டுக் கிணற்றை. வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் கிணறு இருந்தால் உங்கள் மனையின் ஒரு மூலை முழுக்கக் கைவிட்டுப் போகும். சைட் ஸ்கெட்ச் போடும்போதே சுற்றியுள்ள கிணறுகளைக் குறித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் வட்டம் போட்டுவிட்டு, மிச்சமிருக்கிற இடத்தில் குழியை வையுங்கள். பாத்ரூம் எந்தப் பக்கம் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். வாஸ்து பார்க்கிறவர் சொன்ன மூலைக்கும் இந்த வட்டத்துக்கும் சண்டை வரத்தான் செய்யும். பிளான் பேப்பரில் இருக்கும்போதே அதைப் பேசித் தீர்த்துவிடுவது மலிவு.

எஸ்டிமேட்டை எழுதும்போது தரைக்குக் கீழே, தரைக்கு மேலே, சுவருக்கு வெளியே என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். சதுர அடி ரேட் நடுவில் இருப்பதற்கு மட்டும். செப்டிக் டேங்க், காம்பவுண்ட், கரண்ட் கனெக்‌ஷன், படி எல்லாம் மூன்றாவதில் வரும். சேர்க்காததை 'சேர்க்கவில்லை' என்று எழுத்தில் போடுங்கள். பேங்க் லோனுக்காகத் தயாரிக்கிற எஸ்டிமேட் வேறு விதமாக இருக்கும். அதே காகிதத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்து இதுதான் செலவு என்று சொல்லாதீர்கள். கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தப் பிரிப்பு இன்னும் முக்கியம். அதில் கிடைக்கிற 4 லட்சம் வேலையின் கட்டத்துக்கு ஏற்பத் தவணையாக வருகிறது. பின்சுவரே முதல் தவணையைத் தின்றுவிட்டால் அடுத்த கட்டத்தைத் தொடக் கையில் காசு இருக்காது.

ரேட் போடும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: டிப்பர் மனைக்குள் வருமா? தோட்டத்து இடவழி ஏழெட்டு அடிதான் இருக்கும். ரோட்டில் கொட்டி, சின்ன வண்டியிலோ தலைச்சுமையாகவோ உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தால் அந்த இருபத்தைந்து யூனிட் மண்ணுக்கும் கருங்கல்லுக்கும் இரண்டாவது தடவை கூலி உண்டு. குவாரியில் விசாரித்த விலையை அப்படியே எழுதினால் இந்த வரி விட்டுப்போகும். "மனைக்குள் இறக்கிய விலை" என்று கேட்டு, கேட்ட தேதியையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.